மது அருந்திய நாளின் மேக்ரோ கணக்கில் காணாமற்போகும் 420 கலோரி

கேள்வி: "சனிக்கிழமை இரவு ஒரு குவார்ட்டர் விஸ்கியை சோடா கலந்து மூன்று லார்ஜாகக் குடித்தேன். ஆப்பில் அன்றைய மொத்தம் 2430 கலோரி என்று இருக்கிறது. ஆனால் புரதம் 95, கார்ப் 250, கொழுப்பு 70 கிராம் என்பதை 4, 4, 9 என்று பெருக்கிக் கூட்டினால் 2010 தான் வருகிறது. மீதி 420 எங்கே போனது? எனக்கு 2000 கலோரிக்கு 20-50-30 என்று விகிதம் கொடுத்திருக்கிறார்கள். அதை எந்த மொத்தத்தை வைத்துப் பார்ப்பது? மதுவை கார்பில் சேர்த்துவிடலாமா?"

அந்த 420 கலோரி எங்கும் போகவில்லை. அது முழுக்க முழுக்க ஆல்கஹால் தந்த ஆற்றல். உணவிலிருந்து உடலுக்கு ஆற்றல் தரும் பொருட்கள் மூன்று என்று நாம் பழகியிருக்கிறோம். உண்மையில் ஆல்கஹால் நான்காவது. அது புரதமோ மாவுச்சத்தோ கொழுப்போ அல்ல என்பதால் பெரும்பாலான ஆப்களில் அதற்கென்று ஒரு கட்டம் இருப்பதில்லை. மொத்தக் கலோரியில் அது சேர்ந்துவிடுகிறது, கிராம் கணக்கில் இடமின்றி விடுபட்டுவிடுகிறது. ஆகவே உங்கள் ஆப்பும் பிழை செய்யவில்லை, நீங்கள் பெருக்கியதும் பிழையில்லை. கார்பில் சேர்க்கலாமா என்ற கேள்விக்குச் சேர்க்க வேண்டாம் என்பதே என் பதில். அதற்கான காரணத்தைக் கீழே சொல்கிறேன். முதலில் அந்த எண் எப்படி வந்தது என்பதைப் பாட்டிலிலிருந்தே தொடங்கிப் பார்த்துவிடலாம்.

நம் ஊர் மதுபாட்டில்களில் கலோரி எவ்வளவு என்று பெரும்பாலும் அச்சிடப்பட்டிருக்காது. ஆனால் கணக்குக்குத் தேவையான இரண்டு எண்கள் கட்டாயம் இருக்கும்: அளவு எத்தனை மி.லி. என்பதும், ஆல்கஹாலின் பங்கு எத்தனை சதவீதம் என்பதும். விஸ்கி, பிராந்தி, ரம் ஆகியவற்றில் அது வழக்கமாக 42.8% v/v என்று இருக்கும். இந்தச் சதவீதம் எடையைக் குறிப்பதல்ல, கன அளவைக் குறிப்பது. அதாவது 100 மி.லி. விஸ்கியில் 42.8 மி.லி. ஆல்கஹால் இருக்கிறது. உங்கள் குவார்ட்டரின் 180 மி.லி.யில் அது 77 மி.லி. ஆகிறது. கலோரி கணக்குக்கோ நமக்குக் கிராம் வேண்டும். ஆல்கஹால் தண்ணீரைவிட இலேசானது; அதன் ஒரு மி.லி. 0.789 கிராம்தான் எடையிருக்கும். ஆகவே 77 மி.லி. ஆல்கஹால் ஏறத்தாழ 61 கிராம். ஒரு கிராம் ஆல்கஹால் 7 கலோரி தருகிறது என்பது ஊட்டச்சத்துக் கணக்கில் வழங்கும் எண். அதன்படி உங்கள் குவார்ட்டர் 426 கலோரி. ஒரு லார்ஜ், அதாவது 60 மி.லி., 142 கலோரி. சோடாவில் எதுவும் இல்லை.

உங்களுக்கு வந்த வித்தியாசம் 420, எனக்கு வருவது 426. இந்தச் சின்ன வேறுபாட்டுக்கும் காரணம் உண்டு. அமெரிக்க வேளாண் துறையின் உணவு அட்டவணையில் ஆல்கஹாலுக்கு 7 என்ற முழு எண்ணுக்குப் பதிலாக 6.93 என்ற எண்ணைப் பயன்படுத்துகிறார்கள். பல ஆப்கள் அந்த அட்டவணையிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அந்த எண்ணை வைத்தால் உங்கள் குவார்ட்டர் 421 ஆகிவிடுகிறது. எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் பாதகமில்லை. விரிதாளில் எழுதி வைப்பவராக இருந்தால், A கட்டத்தில் மி.லி., B கட்டத்தில் பாட்டிலில் உள்ள சதவீதம் என்று வைத்துக்கொண்டு, முதல் வரியைக் கிராமுக்கும் இரண்டாவது வரியைக் கலோரிக்கும் பயன்படுத்துங்கள்:

```
=A2*B2/100*0.789
=A2*B2/100*0.789*7
```

இந்த எளிய கணக்கிலும் இரண்டு இடங்களில் பலர் தவறுவதைப் பார்த்திருக்கிறேன். முதலாவது, 42.8 என்ற எண்ணுக்கு அருகிலேயே பல பாட்டில்களில் இருக்கும் 75° என்ற எண். அது பழைய பிரிட்டிஷ் முறையிலான 'புரூஃப்' அளவு. அந்த முறையில் 100 புரூஃப் என்பது 57.1 சதவீத ஆல்கஹால். அதில் முக்கால் பங்கு 42.8. இந்த 75-ஐச் சதவீதம் என்று எண்ணிப் போட்டால் உங்கள் குவார்ட்டர் 746 கலோரியாகத் தோன்றும். அமெரிக்க முறையில் புரூஃப் என்பது சதவீதத்தின் இரு மடங்கு என்று எங்கோ படித்தவர்கள் 75-ஐப் பாதியாக்கி 37.5 என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்போது கணக்கு குறைந்துவிடும். v/v என்று எழுதியிருக்கும் எண் ஒன்றே நமக்கு வேண்டியது. இரண்டாவது தவறு 0.789-ஐ விட்டுவிடுவது. 77 மி.லி.யை 77 கிராம் என்று கொண்டு 7 ஆல் பெருக்கினால் 539 வரும். இல்லாத ஆற்றலை நூறு கலோரிக்கு மேல் எழுதிவிடுவீர்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும், ஊற்றும் அளவு தவறினால் பயனில்லை. உங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் மூன்று ஊற்றில் ஒரு குவார்ட்டர் காலியானது என்று உறுதியாகத் தெரிகிறது. ஒன்று சற்றுக் கூடியிருந்தாலும் மற்றொன்று குறைந்து மொத்தம் 180 ஆகிவிடும். ஆனால் 750 மி.லி. முழுப் பாட்டிலிலிருந்து கண்ணால் பார்த்து ஊற்றும்போது 'ஒரு லார்ஜ்' என்பது எளிதில் 80 மி.லி. ஆகிவிடும். வீட்டில் சமையல் தராசு இருந்தால், வழக்கமாகக் குடிக்கும் அதே தம்ளரை அதன்மேல் வைத்து, பூச்சியமாக்கி, வழக்கம்போல் ஒரு முறை ஊற்றிப் பாருங்கள். 42.8 சதவீத மது 60 மி.லி. என்றால் சுமார் 57 கிராம் காட்ட வேண்டும். 75 கிராம் காட்டினால் நீங்கள் மூன்று என்று எழுதியது உண்மையில் நான்கு. முழுப் பாட்டிலில் பன்னிரண்டரை லார்ஜ்தான் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, பாட்டில் எத்தனை இரவில் தீர்கிறது என்று பார்ப்பதும் நல்ல சோதனையே.

பீருக்கு வந்தால் கணக்கில் ஒரு படி கூடும். காய்ச்சி வடித்த மதுவில் மாவுச்சத்து அநேகமாக இல்லை. பீரில் புளித்தது போக மிஞ்சிய மாவுச்சத்து 100 மி.லி.க்கு ஏறத்தாழ 3 கிராம் இருக்கும். 650 மி.லி. பாட்டில், 5 சதவீதம் என்றால், ஆல்கஹால் 26 கிராம், அதிலிருந்து 180 கலோரி, மாவுச்சத்து 20 கிராம், அதிலிருந்து 80 கலோரி, மொத்தம் 260. 'ஸ்ட்ராங்' வகை 8 சதவீதம் என்றால் ஆல்கஹாலிலிருந்து மட்டும் 287 வரும். அந்த 20 கிராம் மாவுச்சத்து உங்கள் ஆப்பில் மாவுச்சத்துக் கட்டத்தில் முறையாகவே சேர்ந்திருக்கும். விடுபடுவது ஆல்கஹால் பங்கு மட்டுமே. சோடாவுக்குப் பதில் கோலா கலந்திருந்தாலும் இதே நிலைதான். 200 மி.லி. கோலாவில் இருக்கும் 21 கிராம் சர்க்கரையைத் தனியே மாவுச்சத்தில் எழுத வேண்டும்.

உங்கள் கேள்வியிலேயே ஒரு நல்ல முறை ஒளிந்திருக்கிறது. அதை நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. மொத்தக் கலோரியிலிருந்து மூன்று சத்துகளின் கலோரியைக் கழித்து, மீதியை 7 ஆல் வகுத்தால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று வந்துவிடும். உங்களுக்கு 420-ஐ 7 ஆல் வகுக்க 60 வருகிறது. பாட்டிலிலிருந்து கணக்கிட்டதற்கு ஒரு கிராம்தான் குறைவு. ஆனால் இந்த முறையை நம்புவதற்கு முன், மது அருந்தாத இரண்டு மூன்று நாட்களுக்கும் இதே கழித்தலைச் செய்து பாருங்கள். அன்றும் மீதி பூச்சியமாக வராது. ஆப்பின் உணவுப் பதிவுகளில் எண்கள் முழுமையாக்கப்பட்டிருக்கும்; மேலும் நார்ச்சத்து மாவுச்சத்தோடு சேர்த்து எழுதப்பட்டு 4 ஆல் பெருக்கப்பட்டிருக்கலாம், உண்மையில் அது கிராமுக்கு 2 கலோரி அளவே தரும். பயறும் கீரையும் சுண்டலும் நிறைய உண்ட நாளில் 30 கிராம் நார்ச்சத்து இருந்தால், இந்த ஒரு காரணத்தாலேயே மீதி 60 கலோரி வரை எதிர்த்திசையில் போய்விடும். ஆகவே ஒரே ஒரு சின்ன பெக்கை இந்த முறையால் உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் ஒரு குவார்ட்டரை இது தவறவிடாது.

மீதி எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவாக வந்தால் வேறொன்றைச் சந்தேகியுங்கள். பயனர்களே சேர்த்த பதிவுகளில் சிலர் மதுவின் கலோரி முழுவதையும் மாவுச்சத்தில் அடைத்துவிடுகிறார்கள். 60 மி.லி. விஸ்கிக்கு 35 கிராம் மாவுச்சத்து என்று ஒரு பதிவு சொன்னால், 142-ஐ யாரோ 4 ஆல் வகுத்து எழுதியிருக்கிறார் என்று பொருள். அந்தப் பதிவை விட்டுவிட்டு மாவுச்சத்து பூச்சியமாக உள்ள பதிவைத் தேர்ந்தெடுங்கள்.

இனி சதவீதத்துக்கு வருவோம். உண்மையான சிக்கல் இங்கேதான் இருக்கிறது, ஏனென்றால் ஒரே நாளுக்கு இரண்டு சரியான விடைகள் உண்டு. உணவிலிருந்து வந்த 2010 கலோரியை மட்டும் வகுக்கும் எண்ணாகக் கொண்டால், உங்கள் சனிக்கிழமை புரதம் 19, மாவுச்சத்து 50, கொழுப்பு 31 சதவீதம். ஆல்கஹாலையும் சேர்த்த 2436-ஐக் கொண்டால், புரதம் 16, மாவுச்சத்து 41, கொழுப்பு 26, ஆல்கஹால் 17 சதவீதம். தட்டில் இருந்த ஒரு கவளமும் மாறவில்லை. வகுக்கும் எண் மட்டுமே மாறியது.

இது நாம் கண்டுபிடித்த குழப்பம் அல்ல. பிரிட்டனில் 1991இல் வெளியான ஊட்டச்சத்துப் பரிந்துரைகளிலேயே இரண்டு வரிசை எண்களை அருகருகே கொடுத்திருந்தார்கள். மதுவையும் சேர்த்த மொத்த ஆற்றலில் கொழுப்பு 33, மாவுச்சத்து 47, புரதம் 15, ஆல்கஹால் 5 சதவீதம் என்பது ஒரு வரிசை. மதுவை நீக்கிய உணவு ஆற்றலில் கொழுப்பு 35, மாவுச்சத்து 50, புரதம் 15 என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே உணவைத்தான் சொல்கின்றன. எந்த எண்ணைச் சொன்னாலும் அது 'மொத்த ஆற்றலில்' உள்ளதா 'உணவு ஆற்றலில்' உள்ளதா என்று கூடவே சொல்லும் அந்தப் பழக்கத்தை நாமும் கைக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

உங்களுக்குக் கொடுத்த 20-50-30 என்ற விகிதத்தைக் கூட்டினால் 100 வருகிறது; அதில் மதுவுக்கு இடமே வைக்கவில்லை. எனவே அதை உணவு ஆற்றலோடுதான் ஒப்பிட வேண்டும். அப்படி ஒப்பிட்டால் 19-50-31. கிட்டத்தட்ட இலக்கிலேயே இருக்கிறீர்கள். ஆப் எந்த முறையைப் பின்பற்றுகிறது என்று அறிய, அது காட்டும் மூன்று சதவீதங்களையும் கூட்டிப் பாருங்கள். 100 வந்தால் அது மதுவை ஒதுக்கிவிட்டு உணவை மட்டும் பங்கிட்டிருக்கிறது. 83 வந்தால் மதுவைச் சேர்த்த மொத்தத்தால் வகுத்திருக்கிறது. குறைகிற 17 ஆல்கஹாலின் பங்கு.

இந்த இரு எண்களையும் படிப்பதில் ஆளுக்கொரு விதமாகத் தவறுகிறார்கள். 100 வரும் வட்டப்படத்தைப் பார்ப்பவர் தம் நாள் சரியாக அமைந்துவிட்டது என்று நிம்மதியடைகிறார். விகிதம் சரிதான், ஆனால் 2000 என்ற இலக்குக்கு மேல் 430 கலோரி ஏறியிருப்பதை அந்தப் படம் காட்டாது. மற்றவர் புரதம் 16 சதவீதத்துக்கு இறங்கிவிட்டதே என்று பதறி, இரவு பதினொன்றரைக்கு இன்னும் இரண்டு முட்டையும் புரதப் பவுடரும் எடுத்துக்கொள்கிறார். 2436 கலோரி நாளில் புரதத்தை 20 சதவீதமாக்க வேண்டுமானால் மேலும் 33 கிராம் புரதம், அதாவது 130 கலோரிக்கு மேல், சேர்க்க வேண்டும். ஏற்கெனவே மிகுந்துபோன நாளில் இது தேவையற்றது. உங்கள் இலக்கு 2000 கலோரியில் 20 சதவீதம், அதாவது 100 கிராம் புரதம். நீங்கள் உண்டது 95. குறைவு 5 கிராம்தான். தசைக்கு வேண்டியது கிராம். நீங்கள் எதைக் குடித்தீர்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தேவை கூடிக் குறைவதில்லை. மது அருந்தும் நாட்களில் புரதத்தைக் கிராமில் மட்டும் பார்த்துவிட்டுச் சதவீதத்தை மறந்துவிடுவதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

சதவீதம் எவ்வளவு எளிதில் ஏமாற்றும் என்பதற்கு மறுபக்கத்தையும் பாருங்கள். அதே சனிக்கிழமை, குடிக்கப் போகிறோமே என்று நீங்கள் மதியச் சோற்றையும் இரவுச் சப்பாத்தியையும் குறைத்து, 106 கிராம் மாவுச்சத்தை விட்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் மறுபடி 2010 அளவுக்கு வந்துவிடும். இப்போது உணவு ஆற்றலில் புரதம் 24 சதவீதம், மாவுச்சத்து 36, கொழுப்பு 40 என்று வட்டப்படம் காட்டும். புரதம் 19-லிருந்து 24-க்கு உயர்ந்ததாகத் தோன்றுகிறது. ஒரு கிராமும் கூடவில்லை. கொழுப்பு 40 சதவீதம் என்று அச்சமூட்டுகிறது. அதுவும் அதே 70 கிராம்தான். ஆல்கஹாலைச் சேர்த்து எழுதினால் புரதம் 19, மாவுச்சத்து 29, கொழுப்பு 31, ஆல்கஹால் 21 என்று, நாளில் நடந்தது என்ன என்பது வெளிப்படையாகத் தெரிகிறது: ஐந்தில் ஒரு பங்கு ஆற்றல் மதுவிலிருந்து வந்திருக்கிறது, அதற்கு இடம் விட்டது சோறு. 'எனக்கு எங்கிருந்து ஆற்றல் வந்தது' என்பது கேள்வியானால் நான்கு பங்காகப் போட்ட இந்தக் கணக்கே நேர்மையானது. 'நான் உண்ட உணவின் தன்மை எப்படி' என்பது கேள்வியானால் மூன்று பங்குக் கணக்கு போதும்.

இப்போது கார்பில் சேர்ப்பதைப் பற்றி. உடற்பயிற்சி வட்டாரத்தில் இது ஒரு பழக்கமாகவே இருக்கிறது: மதுவின் கலோரியை 4 ஆல் வகுத்து மாவுச்சத்தாகவோ, 9 ஆல் வகுத்துக் கொழுப்பாகவோ எழுதிவிடுவார்கள். முன்கூட்டித் திட்டமிடும்போது, 'இந்த 426 கலோரிக்கு இடம் வேண்டும், அதை மாவுச்சத்துப் பங்கிலிருந்து எடுக்கிறேன்' என்று ஒதுக்கி வைப்பதில் குற்றமில்லை. ஆனால் நடந்ததைப் பதியும்போது அப்படி எழுதினால் பதிவே பொய்யாகிவிடும். உங்கள் நாளில் 106 கிராம் மாவுச்சத்து கூடி 356 ஆகும். மாவுச்சத்து 58 சதவீதம் என்று காட்டும். கொழுப்பில் எழுதினால் 47 கிராம் கூடி, கொழுப்பு 43 சதவீதம் ஆகும். ஒரே நாள், ஒரே தட்டு. எந்தக் கட்டத்தில் அடைத்தோம் என்பதைப் பொறுத்து அதிக மாவுச்சத்து உணவாகவோ அதிகக் கொழுப்பு உணவாகவோ மாறிவிடுகிறது. மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவைப் பார்த்து ஓர் உணவு ஆலோசகர் 'சோற்றைக் குறையுங்கள்' என்று சொன்னால் அது அவருடைய தவறாக இருக்காது.

சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவருக்கு இது பதிவுப் பிழையோடு நிற்காது, உயிருக்கே ஆபத்தாகலாம். ஆல்கஹால் இரத்தத்தில் சர்க்கரையாக மாறுவதில்லை. அதற்கு நேர்மாறாக, கல்லீரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதை அது தடுக்கிறது. இல்லாத 106 கிராம் மாவுச்சத்தைப் பதிவில் பார்த்து, அதற்கேற்ப இன்சுலின் போட்டுக்கொண்டால், நள்ளிரவிலோ விடியற்காலையிலோ சர்க்கரை அபாயகரமாக இறங்கும். அந்தத் தள்ளாட்டத்தையும் உளறலையும் போதை என்று உடனிருப்பவர்கள் எண்ணிவிடுவார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே மதுவை மாவுச்சத்துக் கட்டத்தில் எழுத வேண்டாம் என்று எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

"மதுவின் கலோரி வெற்றுக் கலோரிதானே, உடலில் ஒட்டாது" என்று சொல்பவர்களும் உண்டு. வெற்றுக் கலோரி என்ற சொல்லுக்கு விட்டமின், தாது போன்றவை இல்லாத கலோரி என்றுதான் பொருள். ஆற்றல் இல்லாதது என்று பொருளல்ல. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் அட்வாட்டர் என்ற வேதியியலாளர், மனிதர்களை ஒரு மூடிய அறைக்குள் இருக்க வைத்து அவர்கள் வெளியிடும் வெப்பத்தை அளந்தார். மது அங்கே மற்ற உணவைப் போலவே எரிந்து ஆற்றல் தருவதை அவரும் பெனடிக்டும் 1902இல் விரிவாக வெளியிட்டார்கள். நாம் பெருக்கும் 4, 4, 9 ஆகிய எண்களும் அதே அட்வாட்டரின் வழிவந்தவையே. ஆல்கஹாலைச் செரிப்பதிலேயே அதன் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாகச் செலவாகிறது என்பது உண்மைதான். ஆனால் புரதத்தில் அதைவிடக் கூடுதலாகவே செலவாகிறது. அதற்காகப் புரதத்தின் 4-ஐ யாரும் 3 என்று குறைத்து எழுதுவதில்லை. ஒன்றுக்குக் கழித்து மற்றொன்றுக்குக் கழிக்காமல் விட்டால் இரண்டையும் ஒப்பிட முடியாது. எனவே 7 அப்படியே இருக்கட்டும்.

உடல் அந்த ஆற்றலை எப்படிக் கையாள்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் மாவுச்சத்தும் கொழுப்பும் ஏன் பொருத்தமான கட்டங்கள் அல்ல என்பது விளங்கும். மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகவும் கொழுப்பைக் கொழுப்பாகவும் உடலால் சேமிக்க முடியும். ஆல்கஹாலை வைத்துக்கொள்ள இடமில்லை. எனவே கல்லீரல் அதையே முதலில் எரிக்கிறது. அந்த வேகமும் மணிக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம்தான். உங்கள் 61 கிராம் தீர ஆறு முதல் ஒன்பது மணி நேரம் ஆகும். அவ்வளவு நேரமும் கொழுப்பு எரிவது பின்தள்ளப்படுகிறது. சுவிட்சர்லாந்தின் லோசானில் செய்து 1992இல் வெளியான ஆய்வில், அன்றைய ஆற்றலில் கால் பங்கு அளவுக்கு மது கொடுத்தபோது, 24 மணி நேரத்தில் எரியும் கொழுப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆல்கஹாலே கொழுப்பாக மாறும் பங்கு மிகச் சிறியது. கூட உண்ட வறுத்த கறியின் கொழுப்பு எரிய முறை வராமல் தேங்கிவிடுவதுதான் பெரும்பங்கு. அதனால்தான் மதுவோடு வரும் சைட் டிஷ்ஷைப் பதியாமல் விடுவது மதுவைப் பதியாமல் விடுவதற்குச் சமமான பிழை. மிக்சரும் வறுத்த கடலையும் 100 கிராமுக்கு 500 கலோரியைத் தாண்டும். பேச்சு சுவாரசியத்தில் கை எத்தனை முறை தட்டுக்குப் போனது என்று யாருக்கும் நினைவிருக்காது. கிண்ணத்தில் அளந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்காருவதைத் தவிர இதற்கு வேறு வழி எனக்குத் தெரியவில்லை. உங்கள் 70 கிராம் கொழுப்பில் அந்தத் தட்டு சேர்ந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை முன்கூட்டித் திட்டமிட விரும்பினால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் புரதத்தை 100 கிராம் என்று நிறுத்துங்கள். அது 400 கலோரி. பிறகு குடிக்கப் போகும் அளவை எழுதுங்கள். இரண்டு லார்ஜ் என்றால் 284. இரண்டையும் 2000-லிருந்து கழித்தால் மீதி 1316. மாவுச்சத்தும் கொழுப்பும் அதற்குள் அடங்க வேண்டும். கொழுப்பை 55 கிராமுக்குக் குறைத்தால் 495. மாவுச்சத்துக்கு 205 கிராம் கிடைக்கிறது, மூன்று வேளையும் சாப்பிட அது போதும். மதுவுக்கு இடம் விட மாவுச்சத்து முழுவதையும் வெட்டி வெறும் வயிற்றில் குடிக்க வேண்டாம்; போதை வேகமாக ஏறும், அதன்பின் எந்த அளவும் நிற்காது. மாதம் இரண்டொரு முறைதான் என்றால் அந்த நாளைச் சரிசெய்யாமல் வாரக் கணக்காகவும் பார்க்கலாம். 426 கலோரியை ஏழு நாளுக்குப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 61. வாரம் நான்கு இரவு என்றால் அதே கணக்கு நாளொன்றுக்கு 243 ஆகிவிடும். அப்போது எடை ஏன் இறங்கவில்லை என்ற கேள்விக்கு வேறெங்கும் தேட வேண்டியதில்லை.

ஒன்பது மணிக்குத் தொடங்கி நள்ளிரவைத் தாண்டும் இரவுகளில் கடைசி லார்ஜ் ஆப்பில் ஞாயிற்றுக்கிழமையில் விழுந்துவிடும்; அதைச் சனிக்கிழமைக்கே மாற்றிவிடுங்கள், இல்லையெனில் இரண்டு நாட்களின் சதவீதமும் கெடும். ஆப்பில் நான்காவது கட்டம் இல்லாவிட்டால் குறிப்பு எழுதும் இடத்தில் 'சனி: புரதம் 95, மாவுச்சத்து 250, கொழுப்பு 70, ஆல்கஹால் 61 கிராம், உணவு 2010, மொத்தம் 2436' என்று ஒரே வரியில் எழுதி வையுங்கள். இந்த ஆறு எண்கள் இருந்தால், எந்தச் சதவீதம் வேண்டுமானாலும் பின்னர் எப்போதும் போட்டுக்கொள்ள முடியும்.